கீழ் விளிம்பு

மதுரா அந்த நிறுவனத்தில் சேர்ந்து ஏழாவது மாதத்தில்தான் பழைய டேஷ்போர்டு பொய் சொல்வதைக் கண்டுபிடித்தாள்.

ஃபேரர் பார்க்கில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடி அலுவலகம். முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களை எழுப்பி நடக்கவைப்பது. நாற்பத்திரண்டு பராமரிப்பாளர்கள் தீவு முழுக்கப் போய்வந்தார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு வீடு. அடுத்த நான்கைந்து வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும் என்று கணித்துச் சொல்வது மதுராவின் வேலை.

கணிப்பைத் திரையில் வரைந்து காட்டும் பழைய டேஷ்போர்டை வெளி ஆட்கள் செய்து கொடுத்திருந்தார்கள். நீலக் கோடு ஒன்று வலப்பக்கம் ஓடும். அதைச் சுற்றி வெளிர்நீலப் பட்டை ஒன்று, நாளைக்கும் நான்கு வாரம் கழித்தும் ஒரே அகலத்தில். பார்க்க அழகாக இருக்கும். நாளைய தினத்தைத் தெரிந்த அளவுக்கு அடுத்த மாதத்தையும் தெரியும் என்று அந்தப் பட்டை சொன்னது. அது நடக்காத காரியம் என்று மதுராவுக்குத் தோன்றியது.

அவள் பழைய கணிப்புகளைத் தோண்டி எடுத்தாள். இரண்டு வருடத்தின் ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் திரும்பிப் போய், அன்றைக்குத் தெரிந்திருந்த தகவலை மட்டும் கொடுத்துக் கணக்கிடவைத்து, பிறகு நிஜத்தில் நடந்ததோடு ஒப்பிட்டாள். நாளைக்கான கணிப்பு சராசரியாக எவ்வளவு தப்புகிறது, ஒரு வாரத்துக்கானது எவ்வளவு, நான்கு வாரத்துக்கானது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்தாள். பத்து நாளில் எட்டு நாள் நிஜ எண்ணிக்கை பட்டைக்குள் விழ வேண்டும் என்பதுதான் பேச்சு. பழைய பட்டைக்குள் ஐந்து நாள்கூட விழவில்லை.

புதிதாக அவள் செய்த பட்டை இடப்பக்கம் ஒல்லியாகத் தொடங்கி, வலப்பக்கம் போகப்போக விரிந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்குப் புது எண்களை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடும். கிட்டே வந்த நாட்களுக்குப் பட்டை சுருங்கும். தொலைவில் புதிதாகச் சேர்ந்த நாட்களுக்கு அகன்று கிடக்கும்.

செயல்பாட்டுத் தலைவர் சுஜீந்திரனுக்கு அது பிடிக்கவில்லை.

"இது என்ன மதுரா, டிரம்பெட் மாதிரி இருக்கு," என்றார். நாற்பத்தெட்டு வயது. சட்டைக் கையை ஒருபோதும் மடித்துவிடாத மனிதர். "டைரக்டர் போர்டுல காட்டுனா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைப்பாங்க."

"நாலு வாரம் கழிச்சு என்னன்னு நமக்கு அவ்வளவுதான் சார் தெரியும். தெரியாததை மறைச்சா ஆளுங்களைத் தப்பா பிளான் பண்ணுவோம்."

அவர் சண்டை போடவில்லை. இரண்டு கூட்டங்களில் அவள் விளக்கினாள். மூன்றாவதில், "சரி, இருக்கட்டும்," என்றார். அன்று மாலை பாசிர் ரிஸ்ஸுக்கு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது மதுராவுக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் நல்லது என்றார்.

ஜனவரியின் கடைசித் திங்களன்று சுஜீந்திரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பணிப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வசந்தகுமாரியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருடமாக எந்தப் பராமரிப்பாளர் எந்த வீட்டுக்குப் போவது என்பதை முடிவு செய்பவள். ஆட்களை ஊசியால் தைத்தமாதிரி பொருத்துவாள் என்று எல்லோரும் சொல்வார்கள். திரையில் புது டேஷ்போர்டு.

"பிப்ரவரி இருபத்தஞ்சு, புதன்கிழமை," என்றார் சுஜீந்திரன். "உங்க கோடு என்ன சொல்லுது?"

"இருநூத்திப் பன்னெண்டு வீடு. பட்டை நூத்தி எம்பத்தாறுல இருந்து இருநூத்தி நாப்பத்தேழு வரைக்கும்."

"ஏன் இவ்வளவு அகலம்?"

"சீனப் புத்தாண்டு முடிஞ்ச வாரம் சார். பண்டிகைக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்து எவ்வளவு பேரை அனுப்புவாங்க, பின்னாடி எவ்வளவு பேரை அனுப்புவாங்கன்னு வருஷத்துக்கு வருஷம் மாறுது. பண்டிகைத் தேதியும் மாறுது. நம்மகிட்ட அஞ்சு வருஷ டேட்டாதான் இருக்கு."

"ஆனா நூத்தி எம்பத்தாறு நடக்கலாம்."

"நடக்கலாம். அதுக்குக் கீழ போறதுக்குப் பத்துல ஒரு வாய்ப்பு. இருநூத்தி நாப்பத்தேழுக்கு மேல போறதுக்கும் அதே பத்துல ஒண்ணு."

"நல்லது," என்றார் அவர். "அப்ப முப்பத்திரண்டு பேர் போதும். நூத்தித் தொண்ணூத்திரண்டு வீடு பார்க்கலாம். உங்க ரேஞ்சுக்குள்ளயே இருக்கு."

மதுராவுக்கு முதலில் புரியவில்லை. வசந்தகுமாரிக்குப் புரிந்துவிட்டது. "பத்துப் பேரை அனுப்பப் போறீங்களா சார்?"

"இன்னிக்கே நோட்டீஸ். இருபதாம் தேதியோட முடியும். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறேன்னு மேல சொல்லியாச்சு லா. டேட்டா இல்லாம எப்படிக் குறைக்கிறதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." அவர் மதுராவைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப டேட்டா இருக்கு."

"சார், அது கீழ் விளிம்பு," என்றாள் மதுரா. "நடுக்கோட்டுக்கே முப்பத்தாறு பேர் வேணும். ஆள் மிஞ்சினா கொஞ்சப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பாங்க, அவ்வளவுதான். ஆள் பத்தலைன்னா படுத்திருக்கிறவங்க வீட்டுக்கு யாரும் போக மாட்டாங்க. பாதுகாப்புக்கு மேல் விளிம்பைத்தான் பார்க்கணும்."

"எந்த விளிம்பைப் பார்க்கணும்னு உங்க சார்ட்ல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை.

"அப்ப அது மேனேஜ்மென்ட் முடிவு," என்றார்.

பத்துப் பேரில் ஏழு பேர் வேலை அனுமதியில் வந்தவர்கள். மூன்று பேர் உள்ளூர்க்காரர்கள். அந்த மூவரில் பூவம்மாவும் ஒருத்தி. ஐம்பத்தாறு வயது, புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. அந்த வட்டாரத்தில் பன்னிரண்டு வீடுகளை ஆறு வருடமாகப் பார்த்துவந்தாள். கடிதத்தை வசந்தகுமாரிதான் கையில் கொடுத்தாள். பூவம்மா அதைப் படிக்காமலே மடித்துக் கைப்பையில் வைத்தாள். "நான் ஏதும் தப்புப் பண்ணேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல அக்கா. கம்ப்யூட்டர்ல வேலை கொறையுதுன்னு காட்டுதாம்."

இது காதில் விழுந்தபோது மதுரா பக்கத்து மேசையில்தான் இருந்தாள்.

தைப்பூசத்துக்கு மறுநாள், பிப்ரவரி இரண்டு, டேஷ்போர்டு புதுப்பித்துக்கொண்டது. இருபத்தைந்தாம் தேதிக்கான கோடு இருநூற்றுப் பதினேழுக்கு ஏறியது. கீழ் விளிம்பு நூற்றித் தொண்ணூற்று நான்கு. முப்பத்திரண்டு பேர் செய்யக்கூடிய வேலையை அது தாண்டிவிட்டது. மதுரா படம் எடுத்து சுஜீந்திரனுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

ஒன்பதாம் தேதி கோடு இருநூற்று இருபத்தைந்து. கீழே இருநூற்றாறு, மேலே இருநூற்று நாற்பத்தாறு. இந்த முறை நேரில் போனாள்.

"சார், ரெண்டு வாரம் முன்னாடி தெரியாததில் கொஞ்சம் இப்பத் தெரிஞ்சிடுச்சு. மேல் விளிம்பு அப்படியே நிக்குது. கீழ் விளிம்புதான் மேல வருது. அந்தப் பத்துப் பேரை நிறுத்தி வைக்கலாம்."

"ஏழு பேருக்கு டிக்கெட் போட்டாச்சு. பெர்மிட் கேன்சல் பண்ணப் போட்டாச்சு." அவர் கைபேசியிலிருந்து கண் எடுக்கவில்லை. "ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்க நம்பர் மாறுது. எதை நம்பறது, சொல்லுங்க? அடுத்த வாரம் குறையலாம்ல?"

"அது மாறினாத்தான் சார் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவள் வேறு யாருக்கும் எழுதவில்லை. டோபி காட் வட்டாரத்தில் தலைமை அலுவலகம் இருந்தது. அங்கே இரண்டு பேரைத் தெரியும். மின்னஞ்சலை ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தாள். தலைவரைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்து அழித்துவிட்டாள். அடுத்த திங்கள் சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், அலுவலகம் அரைநாள். கோடு இருநூற்று முப்பத்தொன்றில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பூவம்மா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை வந்தது. இருநூற்று முப்பத்து நான்கு வீடு. பார்க்க முடிந்தது நூற்றித் தொண்ணூற்றிரண்டு. மீதி நாற்பத்திரண்டு வீட்டை அன்றைய பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். மென்பொருள் ஆபத்து குறைந்தவர்களைக் கீழே தள்ளி வரிசை போட்டுத் தந்தது. இன்சுலின் போட வேண்டியவர்கள், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டியவர்கள் மேலே. குளிப்பாட்டுவதற்கு மட்டும் என்றிருந்தவர்கள் அடியில். வசந்தகுமாரி காலை ஆறரையிலிருந்து ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று ஆள் வர முடியாது, வெள்ளிக்கிழமை வரும், மன்னிக்கணும். சிலர் திட்டினார்கள். ஒரு சீனப் பாட்டி அழுதாள். மற்ற தொலைபேசிகளும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

அந்த நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டாவது பெயர் பேரின்பநாயகம். எண்பத்தொரு வயது, துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருந்தார். திங்கள், புதன், வெள்ளி குளிப்பாட்ட ஆள் வரும். அதுவரை வந்தவள் பூவம்மா. ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனாலேயே அவருடைய ஆபத்து மதிப்பெண் குறைவாக இருந்தது. வசந்தகுமாரி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. அவருக்குக் காது மந்தம். மறுபடி கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். இன்னொரு தொலைபேசி அடித்தது. 'தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அதை எடுத்தாள். குறியிடாவிட்டால் திரை அடுத்த பெயருக்குப் போகாது.

வெள்ளிக்கிழமையும் வீடுகளின் எண்ணிக்கை ஆட்களை மிஞ்சியது. அன்றும் பேரின்பநாயகம் அடியில்தான் இருந்தார்.

பூவம்மா அன்று சந்தைக்குப் போகிற வழியில் அவருடைய அடுக்குமாடி புளோக்கைக் கடந்தாள். புதிதாக வந்திருப்பவள் வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும் என்று தெரிந்து செய்கிறாளா என்று பார்க்கலாம் என்று மேலே ஏறினாள். கம்பிக்கதவில் இரண்டு நாள் செய்தித்தாள் சொருகியிருந்தது. கதவோரம் மாட்டியிருந்த சாவிப்பெட்டியின் எண் அவளுக்கு மனப்பாடம்.

குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள்.

"பதினோரு மணி வரைக்கும் பார்த்தேன் பூவம்மா," என்றார். "அப்புறம் நானே குளிச்சிடலாம்னு போனேன். நீ ஏன் வரல?"

"என்னை நிறுத்திட்டாங்க அங்கிள்."

"நான் ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே," என்றார். அவள் வேலை போனதற்குத் தான் காரணமோ என்று அவருக்குப் பயம். அதை அவள் இரண்டு மூன்று தடவை மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதே காலை ஏழு மணிக்கு டேஷ்போர்டு புதுப்பித்துக்கொண்டது. கடந்த வாரத்தின் நிஜ எண்கள் கருப்புப் புள்ளிகளாக வந்து உட்கார்ந்தன. ஐந்து வேலைநாளும் பட்டைக்குள்.

விசாரணை பத்து நாள் கழித்து டோபி காட் அலுவலகத்தில் நடந்தது. தலைமை அலுவலகத்தின் தரப் பிரிவுத் தலைவி மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். சுஜீந்திரன் இடப்பக்கம், வசந்தகுமாரி எதிரே. மதுராவை ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவளும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

ஜனவரியில் செய்த கணிப்பு என்ன? சொன்னாள். பட்டை என்ன? சொன்னாள். நடந்தது இருநூற்று முப்பத்து நான்கு, அது பட்டைக்குள் இருக்கிறதா?

"இருக்கிறது."

அப்படியானால் கணிப்பில் தவறு இல்லை?

"இல்லை."

ஆட்களின் எண்ணிக்கை முப்பத்திரண்டு என்று முடிவானபோது, அதுவும் இந்தப் பட்டைக்குள் அடங்கியதுதானா?

மதுரா தண்ணீரைக் குடித்தாள். "அடங்கியதுதான். ஆனால்..."

"அது போதும்," என்றார் தலைவி, கடுமையில்லாமல். "ஆள் எண்ணிக்கை பற்றிய முடிவு இந்த விசாரணையில் வராது. கணிப்பு நம்பத்தக்கதா என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்."

ஆனால் என்பதற்குப் பிறகு வர வேண்டியது அவளிடம் ஆயத்தமாகத்தான் இருந்தது. மூன்று திங்கட்கிழமைகளின் படங்கள், புதன்கிழமையை வட்டமிட்டு, மடிக்கணினியில் திறந்தே இருந்தன. திருப்பிக் காட்டினால் போதும். சுஜீந்திரன் அவளைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் மடிக்கணினியை மூடினாள்.

பிறகு வசந்தகுமாரியிடம் வந்தார்கள். தெரிவிக்கப்பட்டது என்று குறியிட்டிருக்கிறீர்கள். அழைப்பு எடுக்கப்பட்டதா?

"இல்லை."

அப்படியானால் நீங்கள் பதிவில் பொய் எழுதினீர்கள்.

வசந்தகுமாரிக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். "நாப்பத்திரண்டு போன் கால் மேடம்," என்றாள். "ஒரே ஆள் நான்." அதை ஒருவர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவளைப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மதுராவின் டேஷ்போர்டு நேர்மையாகவும் துல்லியமாகவும் இருந்ததாகப் பாராட்டி, அதை மற்ற மூன்று கிளைகளுக்கும் கொண்டுபோகப் பரிந்துரைத்திருந்தார்கள். சுஜீந்திரன் ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். கீழ் விளிம்பு எண்ணைத் தனியாக எடுத்து, மேலே பெரிய எழுத்தில், 'குறைந்தபட்சத் தேவை' என்று போட வேண்டும்.

அவள் போட்டுக் கொடுத்தாள்.

பேரின்பநாயகத்தின் மகன் யதீசன் மெல்பர்னிலிருந்து வந்திருந்தார். இறுதிச் சடங்கு முடிந்து, வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒருநாள் மதியம் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பில் காத்திருக்கச் சொல்லியே ஒன்றரை மணி நேரம் ஓட்டினார்கள். மதுரா சாப்பாட்டுக்கு இறங்கும்போது அவரும் எழுந்து பின்னால் வந்தார்.

"நீங்க இங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"எத்தனை பேருக்கு ஆள் போகணும்னு கணிக்கிறது."

படிக்கட்டிலேயே நின்றார்கள். அவர் மெல்லிய குரலில் பேசினார். "ஒரு ஸ்டாஃப் தப்பாக் குறிச்சிட்டாங்க, அவங்களை வேலையை விட்டு எடுத்துட்டோம்னு லெட்டர் அனுப்பியிருக்காங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அன்னிக்கு எல்லார் வீட்டுக்கும் போக எத்தனை பேர் வேணும்?"

"முப்பத்தொன்பது. பாதுகாப்பா பார்த்தா நாப்பத்திரண்டு."

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"முப்பத்திரண்டு."

"அதுக்கு முன்னாடி?"

மதுரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்திரண்டு."

மேலே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். "எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் யதீசன்.

மறுநாள் அவள் ஐந்து திங்கட்கிழமைகளின் படங்களையும் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் புதன்கிழமையை வட்டமிட்டு, சுஜீந்திரனுக்கு அனுப்பிய செய்தியின் நகலோடு அவர் தங்கியிருந்த ஹோட்டலில் கொடுத்தாள். நெஞ்சு இலேசானமாதிரி இருந்தது. இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

யதீசன் வழக்கறிஞரைப் பார்த்தார். நிறுவனமும் வழக்கறிஞரை அனுப்பியது. மூன்றாவது சந்திப்பில் பேசி முடித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை, கையிலுள்ள தாள்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவது, அவை யாரிடமிருந்து வந்தன என்று சொல்வது. எல்லாவற்றுக்கும் யதீசன் கையெழுத்துப் போட்டார். விமான நிலையத்திலிருந்து அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். மனைவிக்கு இது முடிந்தால் போதும் என்று இருக்கிறது, மன்னிக்கவும், இனி தொடர்புகொள்ள வேண்டாம்.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய திரை அணைந்து உள்நுழையச் சொல்லிக் கேட்டது. கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் காகிதப் பெட்டியோடு வந்தாள். ரகசியத் தகவலை வெளியாருக்குக் கொடுத்த குற்றம். சுஜீந்திரன் தன் அறையில்தான் இருந்தார், கதவு சாத்தியிருந்தது. டேஷ்போர்டு ஒவ்வொரு திங்களும் தானாகவே ஓடும்படி அவளே செய்துவைத்திருந்தாள். அதற்கு அவள் தேவைப்படவில்லை.

ஏப்ரலில் தேக்கா சந்தையில் வசந்தகுமாரியைப் பார்த்தாள். முருங்கைக்காய்க் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். மதுரா பக்கத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். யதீசனிடம் கொடுத்தது, தன் வேலை போனது, எல்லாம். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"உனக்கு வேற கெடைச்சிடுச்சா?" என்றாள் வசந்தகுமாரி.

"ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க அக்கா."

"கெடைக்கும். படிச்ச பொண்ணு." ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்த்தாள். "எனக்கு எங்க போனாலும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. ரெக்கார்டுல பொய் எழுதினியான்னு. ஆமான்னு சொல்லிடறேன்."

"அக்கா, நான் அன்னிக்கு..."

"உன் லேப்டாப் தெறந்திருந்துச்சு மதுரா. நான் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். உன் பின்னாடி கண்ணாடி ஜன்னல்ல எல்லாம் தெரிஞ்சுது, அந்த வட்டம் வட்டமா நீ போட்டு வச்சிருந்தது. இப்பக் காட்டுவ, இப்பக் காட்டுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. "அப்புறம் மூடிட்ட."

வசந்தகுமாரி காய்க்கட்டைக் கடைக்காரரிடம் நீட்டினாள். பையை வாங்கிக்கொண்டு, மீன் கடைகளின் ஈரத்தரையில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, பேருந்து நிறுத்தப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரர் மதுராவை இரண்டாவது முறையாகக் கேட்டார்.